கோட்டை அழிக்காதீர்கள்

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் பருத்தி போன வருஷம் என்ன விலை, அதற்கு முந்தின வருஷம் என்ன விலை என்று விரல்நுனியில் சொல்கிற ஆட்கள் உண்டு. அதே மாதிரி ஒரு விலையைக் கோடாக வரைந்து காட்டினால் மட்டும் “சூதாட்டமெல்லாம் நமக்கெதுக்குப்பா” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். பணம் போடவா சொன்னேன்? பார்க்கத்தானே சொல்கிறேன்!

அடிப்படை கொஞ்சம்தான். ஏறுகிற விலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். இறங்கி நின்ற பள்ளங்கள் இரண்டை இணைத்தால் டிரெண்ட்லைன். அவற்றுக்கு நடுவே உள்ள உச்சத்தின் வழியாக அதற்கு இணையாக இன்னொன்று போட்டால் சேனல். இறங்குமுகத்துக்கு இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

எந்தப் பள்ளத்தில் கோட்டை ஊன்றுவது? விலை முந்தைய உச்சத்தைத் தாண்டிய பிறகுதான் ஒரு பள்ளம் உறுதியாகிறது. அதுவரை அது வெறும் இறக்கம். இந்தப் பொறுமை இல்லாமல் ஒரே திரையில் பதினொரு வண்ணத்தில் கோடு கிழிக்கிற யூடியூப் வாத்தியார்களைப் பார்க்காதீர்கள். அத்தனை கோடு இருந்தால் ஏதாவது ஒன்றில் விலை இடிக்கத்தான் செய்யும்.

இனி என் மனசுக்குப் பிடித்த விஷயம்: கோட்டைத் திருத்துவது வேறு, நகர்த்துவது வேறு. புதுப் பள்ளம் உறுதியானதால் புதுக்கோடு போட்டால் அது திருத்தம். விலை கோட்டை உடைத்துவிட்டதே என்று கோட்டை இழுத்து விலைக்குக் கீழே வைத்தால் அது நகர்த்தல். ராத்திரியோடு ராத்திரியாக எல்லைக் கல்லைப் பிடுங்கி நடுகிறவன் செய்கிற வேலை அது.

நிஃப்டியின் வார சார்ட்டைத் திறந்து பாருங்கள். 2022 ஜூன் 17-இல் 15,183 ஒரு பள்ளம். 2023 மார்ச் 20-இல் 16,828 அடுத்தது. இடையே 40 வாரம். கோடு வாரத்துக்கு 41 புள்ளி ஏறுகிறது. இதை மெதுக்கோடு என்போம். பிறகு 2023 அக்டோபர் 26-இல் 18,838 வரை இறங்கியது. மெதுக்கோடு அப்போது கிட்டத்தட்ட 18,100-இல் இருந்தது. விலை அதைத் தொடவே இல்லை. ஆனாலும் உடனே புதுக்கோடு போடக் கூடாது. செப்டம்பர் உச்சமான 20,222-ஐ டிசம்பர் தொடக்கத்தில் தாண்டியபோதுதான் அக்டோபர் பள்ளம் உறுதி. மார்ச்சையும் அக்டோபரையும் இணைத்தால் வாரத்துக்கு 65 புள்ளி ஏறும் வேகக்கோடு கிடைக்கிறது. இது திருத்தம்.

தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4-ஆம் தேதி 21,281 வரை விழுந்தது. வேகக்கோடு அப்போது 20,900 பக்கம்; தப்பியது. செப்டம்பரில் 26,277. வேகக்கோட்டுச் சேனலின் மேல்கோடோ 23,700-தான். இங்கேதான் பலர் சேனலை அகலமாக்குகிறார்கள். அதுவும் நகர்த்தல்தான். விலை சேனலுக்கு மேலே ஓடுகிறது என்றால், வேகம் அளவுமீறிப் போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

உடைந்தது எப்போது? 2025 ஜனவரி 27, திங்கள் முடிவு 22,829. கோடு 23,120. உடைந்ததென்று கத்தினார்கள். அதே வாரம் வெள்ளிக்கிழமை 23,508-க்குத் திரும்பியது. வார சார்ட்டில் வரைந்த கோட்டுக்கு வாரத்தின் முடிவு விலைதான் தீர்ப்பு. இடையில் நீளும் வாலும் ஒரு நாள் சரிவும் சாட்சி மட்டுமே. தீர்ப்பு பிப்ரவரி 14-இல் வந்தது: முடிவு 22,929, கோடு 23,250 அருகே. அதோடு வேகக்கோட்டின் கதை முடிந்தது.

இப்போது பழைய மெதுக்கோட்டைப் பாருங்கள். அழிக்காமல் வைத்திருந்தால், உலகச் சந்தைகள் கலங்கிய ஏப்ரல் 7-இல் அது 21,230-இல் நிற்கிறது. அன்றைய அடிமட்டம் 21,743. ஆக, பிப்ரவரியில் உடைந்தது வேகம் மட்டும், ஏற்றம் உடையவில்லை. வேகக்கோடு போட்ட கையோடு பழையதை அழித்தவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வழியே இல்லை. அடுத்த முறையும் மெதுக்கோடு தாங்கும் என்று நான் சொல்லவில்லை. உடைந்தால் உடைந்ததுதான்.

‘நடந்து முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் கோடு போடலாம்’ என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேலி செய்கிறார்கள். நகர்த்துகிறவர்களைப் பொறுத்தவரை அந்தக் கேலி நியாயம்தான். நானும் சேர்ந்து சிரிப்பேன். நமக்குள்ளே இருக்கட்டும், அதற்கு என்னிடம் ஒரு சின்ன மருந்து உண்டு. கோடு போட்ட அன்றே அதன் மேல் தேதியையும், எந்த விலையில் வாரம் முடிந்தால் அது செத்தது என்பதையும் எழுதிவிடுங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள்.