தோற்ற விலையும் முடிந்த கணக்கும்

“அவர் அடிமாட்டு விலைக்குப் போட்டுட்டார்.” டெண்டர் கைநழுவிய அன்று ஒப்பந்தக்காரர் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் இந்தச் சொல்தான். ஒரு முறை அது உண்மையாக இருக்கலாம். தோற்ற எல்லா டெண்டருக்கும் அதுவே காரணம் என்றால் நம் கணக்கைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். பழைய விலைப்புள்ளிகளை வரிசையாக எடுத்து வைத்து, எதில் வென்றோம், எதில் தோற்றோம், எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றோம் என்று பிரித்துப் பார்ப்பதே வெற்றி தோல்வி ஆய்வு. கரிசல் பூமியில் வேலை எடுக்கும் நிறுவனத்துக்கு அது எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதை எடைபோடுவோம்.

ஆய்வுக்கு வேண்டிய தகவல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அரசுப் பணிகளின் டெண்டர்கள் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் நடக்கின்றன. tntenders.gov.in தளத்தில் நடக்கும் டெண்டரில் விலை உறை திறந்ததும் கலந்துகொண்டவர்கள் போட்ட தொகையும், எல்1 யார், எல்2 யார் என்பதும் தெரிந்துவிடும். முடிவைப் பார்த்துவிட்டுத் தளத்தை மூடிவிடாமல், அந்தத் தொகைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் முதல் வேலை.

விளக்கத்துக்காகக் கோவில்பட்டியில் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு ஆண்டுகளில் 20 டெண்டர். வென்றது 3, தோற்றது 17. அந்த 17-ஐப் பிரித்தால் 4 டெண்டரில் விலை உறையே திறக்கப்படவில்லை. ஒன்றில் சொத்து மதிப்புச் சான்று காலாவதி ஆகியிருந்தது. மற்ற மூன்றில் இதே மாதிரி வேலை முடித்ததற்கான சான்று போதவில்லை. இவை கோப்பில் தோற்றவை. இவற்றுக்காக விலையைக் குறைப்பது தலைவலிக்கு முழங்காலில் பற்றுப் போடுவது போன்றது. இந்தப் பிரிப்பு ஒன்றே ஆய்வுக்குச் செலவிட்ட நேரத்தை மீட்டுத் தந்துவிடும்.

மீதி 13 விலையில் தோற்றவை. அவற்றில் பள்ளிக் கட்டடம், சுற்றுச்சுவர் போன்ற 5 வேலைகளில் வித்தியாசம் 3 சதவீதத்துக்குள். கிராமச் சாலை வேலைகள் எட்டிலோ எல்லாவற்றிலும் 6 சதவீதத்துக்கு மேல். ஆக, நிறுவனம் எல்லா வேலையிலும் விலை உயர்ந்ததாக இல்லை. சாலையில் மட்டும் உயர்ந்திருக்கிறது. ஏன்?

கரிசல் மண் மழையில் ஊறி உப்பும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் நேராகச் சாலை போட்டால் இரண்டாவது மழைக்கே அலையலையாகிவிடும். அதனால் வெளியிலிருந்து கிராவல் கொண்டுவந்து பரப்பி இறுக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் கனம் என்றால் இறுகிய அளவில் 1,800 கன மீட்டர். ரோலர் ஓடியதும் அளவு சுருங்கும். கால் பங்கு கூடுதலாக அடித்தால்தான் இந்த அளவு நிற்கும். எனவே ஏற்ற வேண்டியது 2,250 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் ஏறுவது சுமார் எட்டரை கன மீட்டர். ஆகவே 265 லோடு.

இப்போது நம் நிறுவனம் கிராவல் எடுக்கும் இடம் 40 கிலோமீட்டரிலும், வென்றவருடைய இடம் 15 கிலோமீட்டரிலும் இருப்பதாக வைப்போம். போக வர ஒரு லோடுக்கு 50 கிலோமீட்டர் அதிகம். டிப்பர் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் ஓடி, டீசல் 92 ரூபாய் என்றால், லோடுக்கு ஏறக்குறைய 1,300 ரூபாய். 265 லோடுக்கு டீசல் மட்டும் சுமார் மூன்றரை லட்சம். வேலை மதிப்பு 60 லட்சமானால் அது கிட்டத்தட்ட 6 சதவீதம். தோற்ற வித்தியாசத்தின் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடுகிறது. இந்த ஆய்வின் பலமும் இதுதான். “லாபத்தைக் குறை” என்ற பதற்றத்தை விலக்கி, “கிராவல் எங்கே எடுக்கிறாய்?” என்ற கேள்வியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பக்கத்தில் அனுமதி பெற்ற குவாரி கிடைக்காவிட்டால், நம் குவாரிக்கு அருகில் வரும் சாலைகளுக்கு மட்டும் டெண்டர் போடலாம்.

ஆனால் இந்த அளவுக்கு நுணுகிப் பார்க்க எல்லா டெண்டரும் இடம் தராது. ஒவ்வோர் இனத்துக்கும் தனி விலை போடும் டெண்டரில் கிராவலுக்கு யார் எவ்வளவு போட்டார் என்று ஒப்பிடலாம். மதிப்பீட்டுக்கு இத்தனை சதவீதம் மேலே அல்லது கீழே என்று ஒரே எண்ணைப் போடும் டெண்டரில் அது முடியாது. அங்கே நம் சொந்த அடக்க விலையை உடைத்துப் பார்த்து ஊகிப்பதே வழி. அடுத்தது எண்ணிக்கை. இருபதில் மூன்று அடுத்த ஆண்டு ஐந்தானால் அது ஆய்வின் பலன் என்று சொல்லிவிட முடியாது, அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். இன்னொன்று, அதே மூன்று பெயர்கள் முறைவைத்து எல்1 ஆகி வந்தால், அங்கே நம் விலை சோதிக்கப்படவே இல்லை. அந்த டெண்டர்களைக் கணக்கில் தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை வேறு. தோல்விகளை மட்டும் பார்த்தால், வென்றவர் போட்ட விலைதான் சரியான விலை என்ற எண்ணம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் 1971-இல் எழுதிய கட்டுரை இந்தப் பொறியைத்தான் விளக்கியது. பலர் ஏலம் கேட்கும்போது வெல்பவர், பெரும்பாலும் மதிப்பைக் கூட்டிப் போட்டுத் தவறியவராகவே இருப்பார் என்றார்கள் அவர்கள். எண்ணெய் வயலில் கூடுதல் விலை கேட்டவர் வெல்கிறார். சாலை டெண்டரில் செலவைக் குறைத்து மதிப்பிட்டவர் வெல்கிறார். இரண்டு இடத்திலும் வெற்றிக்குள்ளேயே நஷ்டம் ஒளிந்திருக்கலாம்.

நம் கற்பனை நிறுவனம் வென்ற மூன்றையும் பாருங்கள். அவற்றில் ஒன்று ஐப்பசியில் தொடங்கிய சாலை வேலை. பரப்பிய கிராவல் ஊறிப்போய், தோண்டி மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. டிப்பர்கள் கரிசலில் அச்சுவரை புதைந்தன. ரோலருக்கு வாடகை ஓடியது, வேலை ஓடவில்லை. போட்டிருந்த லாபம் முழுவதும் அதில் கரைந்தது. தோல்விக் கணக்கு “விலை அதிகம்” என்கிறது. முடிந்த கணக்கு “மழைக்கு விலையே போடவில்லை” என்கிறது. முதலாவதை மட்டும் கேட்டு நடந்தால் அடுத்த வெற்றி நிறுவனத்தையே மூழ்கடிக்கும்.

லாரன்ஸ் ஃபிரீட்மன் 1956-இல் வெளியிட்ட ஏலக் கணக்குமுறை, போட்டியாளரின் விலையை நம் விலையோடு ஒப்பிடவில்லை; நம் அடக்க மதிப்பீட்டோடு ஒப்பிட்டது. பல பதிவேடுகளில் இல்லாமல் போவது இந்தக் கட்டம்தான். போட்ட தொகை இருக்கும். டெண்டர் போட்ட அன்று நாம் கணக்கிட்ட அடக்கம் எவ்வளவு, அதில் லாபம் எவ்வளவு என்பது இருக்காது. நான் கேட்பது நான்கு கட்டங்கள்: டெண்டர் அன்றைய அடக்கம், நாம் போட்ட விலை, எல்1 விலை, வென்ற வேலையானால் முடிந்தபின் ஆன உண்மைச் செலவு. தோற்ற வேலைகளுக்கு நான்காவது கட்டம் காலியாக இருக்கும். அதற்குப் பதில் மார்கழிக்குப் பிறகு அந்தச் சாலைக்கே ஒரு நடை போய்ப் பார்த்து, வேலை எந்த நிலையில் நிற்கிறது என்று எழுதி வைக்கலாம்.

நான்கு கட்டமும் எழுதப்பட்ட பிறகு, வென்றவர் விலை நம் அடக்கத்துக்கும் கீழே இருந்து, நம் அடக்கம் முடிந்த வேலைகளில் மெய்யென்று தேறியிருந்தால், “அவர் அடிமாட்டு விலைக்குப் போட்டுட்டார்” என்று சொல்லலாம். அப்போது அது புலம்பல் ஆகாது. அந்த வேலையை விட்டது சரி என்ற தீர்ப்பு.