எண் போட்ட வரிகள்

லிப்ரெஆபிஸ் ரைட்டரில் சோதனைக்கு உட்கார்ந்தால் முதலில் ‘வரி 1’, ‘வரி 2’ என்று எண் போட்டே தட்டச்சு செய்வேன். செயலி விழுந்து எழுந்தபின் எது போனது என்று அந்த எண்களே சொல்லிவிடும்.

லிப்ரெஆபிஸின் தானியங்கி மீட்புச் சேமிப்பு இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை. சோதனைக்கு அதை 1 நிமிடமாக்கிக்கொள்வேன். கோப்பை ஒருமுறை சேமித்துவிட்டு, 20 வரி அடித்து, Ctrl+Z அழுத்தி 12 வரைக்கும் பின்வாங்குவேன். அடுத்த தானியங்கிச் சேமிப்பு நடக்கும்வரை எதையும் தொடமாட்டேன். பிறகு Ctrl+Y. 13ஆம் வரி திரும்பி வர வேண்டும். சேமிப்பு நடந்ததற்காக அது அழிந்திருந்தால் பிழை. மறுபடி 12க்கு வந்து, இன்னொரு நிமிடம் காத்திருந்து, முனையத்தில்:

```
kill -9 $(pidof soffice.bin)
```

ஜன்னலை மூடினால் செயலி ‘சேமிக்கவா?’ என்று கேட்டுவிடும், அது விபத்தே அல்ல. `-9` மூச்சுவிடக்கூட நேரம் தராது, அவசரச் சேமிப்புக்கும் வழியில்லை.

மீண்டும் திறந்தால் மீட்புப் பெட்டி வரும். ஆவணத்தில் 12 வரிதான் இருக்க வேண்டும். 20 இருந்தால், நான் வேண்டாம் என்று விலக்கியதை அது தூக்கி வந்திருக்கிறது. எனக்கு இது இழப்பைவிட மோசமான பிழை, ஏனென்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். Ctrl+Z இப்போது வேலை செய்யாது. மீட்புப் பிரதியில் இருப்பது ஆவணம் மட்டுமே, பின்வாங்கல் வரலாறு நினைவகத்தோடு போய்விட்டது. கடைசியாக மூலக் கோப்பைத் தனியே திறந்து பார்ப்பேன்: நான் கடைசியாகச் சேமித்தபடியே, தொடாமல் கிடக்கும். அந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகப் பிடிக்கும்.