வத்தளை மதில் வழக்கு: மாணவர் எழுதிய ஒரு மாதிரித் தீர்ப்பு

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதிய மாதிரித் தீர்ப்பொன்று எமது பார்வைக்கு வந்தது. அயலவர் இருவரின் எல்லை மதிற் பிணக்கை அது தீர்க்கின்றது. நடை தெளிவானது; நீதிபதிக்குரிய அமைதியும் அதில் உண்டு. எனினும் அதன் முடிவு ஒரு நாட்கணக்கில் தங்கியிருக்கின்றது; அக்கணக்கோ பிழைத்துவிட்டது.

ஆசிரியர் கொடுத்த வழக்கு இது. வத்தளையில் ஒரே காணியைப் பிரித்து உண்டாக்கிய இரு வளவுகள், ஒவ்வொன்றும் உறுதியின்படி பத்துப் பேர்ச். இடையிலுள்ள எல்லை அறுபது அடி நீளம். முன்னர் அங்கே உயிர்வேலி இருந்தது. மேற்கு வளவார் 2012 மார்ச்சில் அதனை அகற்றி மதில் எழுப்பினார். கிழக்கு வளவார் 2022 சனவரியில் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றக் கட்டளைப்படி அளந்த நில அளவையாளர், பழைய பிரிவினைப் படத்தைப் புதிய படத்தின்மேற் பொருத்தி, மதில் கிழக்கு வளவினுள் ஒன்பது அங்குலம் புகுந்துள்ளது என அறிக்கை செய்தார். ஒன்பது அங்குலம் அறுபது அடிக்கு நாற்பத்தைந்து சதுர அடியாகும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடியாதலின், பிணக்கு ஏறக்குறைய ஆறிலொரு பேர்ச் நிலத்தைப் பற்றியதே. இத்தனை சிறு நிலத்துக்கு அப்புக்காத்துமார் இருவர் வேண்டுமா என வாசகர் நகைக்கலாம். வத்தளையிற் காணி விலை அறிந்தோர் நகையார்.

மாணவர் முதலிற் செய்த ஒன்று பாராட்டுக்குரியது. கிழக்கு வளவு அளவிற் குறைந்தமையை மட்டும் கொண்டு ஆக்கிரமிப்பு நிகழ்ந்தது என அவர் முடிவு செய்யவில்லை. உறுதிகளில் பரப்பளவு 'சிறிது கூடவோ குறையவோ' என்றே எழுதப்படும். திட்டமான எல்லையும் பரப்பளவும் முரண்படுமிடத்து எல்லையே மேலோங்கும். ஆகவே அவர் எல்லைக் கற்களைத் தேடினார். களனி கங்கையின் வடகரையிலுள்ள இத்தாழ்நிலத்தில் வெள்ளத்துக்கு அஞ்சி மண் நிரப்புவது வழமை. கற்கள் அதன்கீழ் மறைந்துவிடும். அளவையாளர் தோண்டி இரு முனைகளிலும் கல் கண்டதை மாணவர் சரியாகவே முதன்மைச் சான்றாகக் கொண்டார்.

வழுவியது இதன்பின்னரே. மேற்கு வளவார் பத்தாண்டு ஆட்சியுரிமை கோரினார். தீர்ப்புக்கு 2023 யூன் எனத் திகதியிட்ட மாணவர், மதில் பதினோராண்டு நின்றதெனக் கண்டு வழக்கைத் தள்ளினார். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு வேண்டுவது, வழக்குத் தொடுப்பதற்கு முன்னரான பத்தாண்டுத் தடையற்ற, இடையறாத, எதிருரிமையான அல்லது சுதந்திரமான ஆட்சியையே. 2012 மார்ச்சிலிருந்து 2022 சனவரி வரை ஒன்பதாண்டும் பத்து மாதமுமே ஆகின்றன. வழக்கு நீதிமன்றத்திற் கிடந்த காலத்தை மேற்கு வளவாரின் கணக்கிற் சேர்த்தல் ஆகாது. ஆகுமாயின், தவணை கேட்டுக் கேட்டே ஒருவன் பிறர் காணியை உரிமையாக்கிக் கொள்வான்.

மேற்கு வளவாருக்கு வேறு வழியே இல்லையோ எனின், உண்டு. மதிலுக்கு முன்னிருந்த வேலியும் அதே கோட்டில் நின்றதென வயோதிபத் தோட்டக்காரர் ஒருவர் சாட்சி கூறியதாக மாணவரே எழுதுகின்றார். அச்சாட்சி நம்பத்தக்கதாயின், ஆட்சி 2012க்கு முன்னரே தொடங்கியிருக்கலாம். வழக்கின் உயிர்நிலை இதுவே. மாணவரோ இதனை ஒரு வாக்கியத்திற் கடந்துவிட்டார். வேலி மரங்களின் அடிக்கட்டைகள் மதிலின் அத்திவாரத்தை ஒட்டிக் காணப்பட்டனவா? கிளுவையும் பூவரசும் பருத்து ஒரு பக்கம் சாயும். ஒன்பது அங்குலத்தைக் கண்மட்டத்தால் நினைவிற் கொள்ளச் சாட்சியால் இயலுமா? தன் தரப்பில் அந்நிலம் உண்மையாகவே ஆளப்பட்டது என்பதை நிறுவும் பொறுப்பு ஆட்சியுரிமை கோருபவரையே சார்ந்தது. நீதிபதி அச்சாட்சியை ஏற்றதாகவோ மறுத்ததாகவோ ஒரு சொல் எழுதியிருத்தல் வேண்டும். எழுதாமையால், தோற்றவர் தாம் ஏன் தோற்றார் என்பதை இத்தீர்ப்பினின்றும் அறியமாட்டார்.

இறுதிப் பக்கத்தில், 'எமது முடிவு தவறாயின் மதில் இடிக்கப்படுக' என மாணவர் ஒரு வரி சேர்த்துள்ளார். மாற்றுத் தீர்மானம் எழுதிவைப்பது நல்ல வழக்கம். மேன்முறையீட்டு மன்றத்துக்கு அது உதவும். ஆயினும் எமது உரோம டச்சுச் சட்டம், கட்டடம் எல்லை மீறிய இடத்து, ஏற்ற சந்தர்ப்பங்களில் இடித்தலுக்குப் பதிலாக நட்டஈடு விதிக்கவும் நீதிமன்றத்துக்கு இடமளிக்கின்றது. இங்கே இடிபடுவது வீடன்று, வெறும் மதில். அதனைத் திருப்பிக் கட்டலாம். மறுபுறம், கிழக்கு வளவார் மதில் எழுந்தபோது பார்த்திருந்தாரா, உடனே மறுத்தாரா என்பதும் இவ்விடத்திற் கேட்கத்தக்க கேள்வி. எமது எண்ணத்தில் இடித்தற் கட்டளையே பொருந்தும். ஆனால் அதற்குரிய காரணங்கள் அரைப்பக்கமேனும் வேண்டும். மாணவர் இத்தீர்ப்பை 2022 சனவரியை மனத்திற்கொண்டு மீண்டும் எழுதித் தருவதாகச் சொல்லியுள்ளார். தோட்டக்காரரின் சாட்சியத்தை அவர் எவ்வாறு மதிப்பிடுவார் என்பதைக் காணவே யாம் காத்திருக்கின்றோம்.