நூறு ரூபாய்ப் பதிவும் வீடு தேடி வரும் பரிசோதகரும்

திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடை வாசலில் கூட்டம் குறையவில்லை. அதே ஊரில், 'மட்டன் பிரியாணி, சீரக சம்பா, சனி ராத்திரிக்குள் சொல்லிவிடவும்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டு வீட்டு அடுப்பில் சமைத்து விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். சின்னாளபட்டி, வத்தலக்குண்டு பக்கம் பருப்புப்பொடி, ஊறுகாய், சுண்டைக்காய் வற்றல் கூரியரில் போகிறது. யாழ்ப்பாணத்து வீடுகள் வறுத்த மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் இப்படித்தான் விற்கின்றன. அங்கே காசை வங்கியில் போட்டு ஸ்லிப்பைப் படமெடுத்து அனுப்பினால் ஓடர் உறுதி, இங்கே யுபிஐ. பார்க்காத அடுப்படியை நம்ப எதைப் பிடித்துக்கொள்வது என்பதில்தான் இரண்டு நாடுகளும் பிரிகின்றன.

நமக்கு எண். ஆண்டு வியாபாரம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வீட்டுத் தயாரிப்பாளருக்கு உரிமம் வேண்டாம். ஆண்டுக்கு நூறு ரூபாய் கட்டி உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்துகொண்டால் போதும் என்பது 2011 விதிமுறை. கிடைப்பது பதினான்கு இலக்க எண். முதல் இலக்கம் 2 என்றால் பதிவு, 1 என்றால் உரிமம். அடுத்த இரண்டு மாநிலம். ஆகவே தமிழ்நாட்டுப் பதிவுகள் 224 என்று தொடங்கும். foscos.fssai.gov.in தளத்தில் எண்ணைப் போட்டால் பெயரும், பதிவு செல்லுபடியாகிறதா என்பதும் தெரியும். அந்தப் பெயரும், பணம் அனுப்பும்போது யுபிஐ காட்டும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறு யாருடைய எண்ணையோ லேபிளில் அச்சடித்திருந்தால் இங்கேயே பிடிபடும்.

ஆனால் அந்த எண் அடுப்படியைப் பார்த்துவிட்டுக் கொடுத்ததாக நினைக்கக் கூடாது. விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் அதிகாரி பதிவு தரலாம், மறுக்கலாம், அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்லலாம். ஆய்வு கட்டாயமில்லை. ஆள் யார், எங்கே இருக்கிறார் என்பதற்குத்தான் எண் சாட்சி. கைகழுவும் சோப்புக்கு அல்ல.

இலங்கையில் நம்பிக்கையின் முகம் பிஎச்ஐ என்று எல்லோரும் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவர் கையில் இருக்கிறது. டெங்குக் காலத்தில் வீடு வீடாகப் போகிறவரும் அவரே என்பதால், எந்த வீட்டின் பின்பக்கத்தில் தண்ணீர் தேங்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும். அந்த ஊர்க்காரருக்கு இது நம் எண்ணைவிடப் பெரிய பாதுகாப்பு என்பேன். வெள்ளவத்தையில் உட்கார்ந்து யாழ்ப்பாணத் தூள் வாங்குபவருக்கு அது அவ்வளவாக உதவாது.

தூரத்தில் இருப்பவருக்கு இரண்டு நாட்டிலும் கைகொடுப்பது விற்பவர் சொல்லும் நாள்கணக்கு. மிளகாயைக் காயவைத்து, வறுத்து, ஆறவிட்டுத்தான் இடிக்க வேண்டும். சூடு ஆறாமல் கட்டினால் பைக்குள் வியர்த்துக் கட்டி தட்டும், பூஞ்சை வரும். 'மூன்று நாளாகும்' என்பவர் இதை அறிந்தவர். 'இப்பவே அனுப்புறேன்' என்றால் சரக்கு கைவசம் இருக்கிறது. அதில் தப்பில்லை, எப்போது இடித்தது என்று கேளுங்கள். வற்றல் வாங்கும்போது மழையையும் கணக்கில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கும் யாழ்ப்பாணத்திலும் அடைமழை. அப்போது 'நேற்றுக் காயவைத்தது' என்று வந்தால், எந்த வெயிலில் என்று கேட்கத்தான் வேண்டும்.

பிரியாணியில் நாளை விட்டு மணிக்கணக்குக்கு வந்துவிட வேண்டும். அரிசியில் இருக்கும் பாசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்து நஞ்சு சேர்க்கும். அதில் வாந்தி உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பதினொரு மணிக்குத் தம் உடைத்துப் பொட்டலம் கட்டி, ஒரு மணிக்கு வீடு வந்து, விருந்தாளிக்காகக் காத்திருந்து மூன்று மணிக்குச் சாப்பிட்டால் நான்கு மணி நேரம். சமைத்தவர் எவ்வளவு சுத்தமானவராக இருந்தாலும் இது ஆபத்துதான். தம் எத்தனை மணிக்கு உடைப்பீர்கள் என்று ஆர்டரின்போதே கேளுங்கள். 'அக்கா, எங்களுக்கு ஒரு மணிக்குத்தான் சாப்பாடு, பன்னிரண்டரைக்கு இறக்குங்க' என்றால், கைத்தொழில் தெரிந்தவர் அதற்கேற்ப அடுப்பேற்றுவார். 'காலையிலேயே ரெடியா இருக்கும், எப்ப வேணா எடுத்துக்கோங்க' என்கிறவரிடம் பொடி வாங்குங்கள், பிரியாணி வேண்டாம்.

இன்னொன்று, ஆர்டருக்கு உச்சவரம்பு. பத்துக் கிலோவோடு நிறுத்துகிறவரை நான் நம்புவேன். தீபாவளிக்கு எத்தனை கிலோ கேட்டாலும் சரி என்பவர், எங்கோ வாங்கி மாற்றிக் கட்டுகிறாரோ என்ற சந்தேகம் எனக்கு வரும்.

சாப்பாட்டில் கோளாறு என்றால் மிச்சத்தையும் பையையும் லேபிளோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் புகார் செய்யுங்கள். தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. இலங்கையில் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம்.