கையில் விழாத கும்மி

மலையகத் தோட்டங்களில் தைப்பொங்கல், தீபாவளி ஒன்றுகூடல்களுக்கென எழுதப்படும் கவிதைகளின் தலைப்பின் கீழே அடைப்புக்குறிக்குள் 'கும்மி மெட்டு' என்று போடுவது வழக்கமாகிவிட்டது. அவற்றுட் பெரும்பாலானவை மேடையில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கவிதைகளாகவே முடிகின்றன. கும்மி என்று எழுதப்பட்டதற்குக் கை கொட்ட முடியவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது? மெட்டைப் பிடித்தவர்கள் தட்டைப் பிடிக்கவில்லை என்பதே என் கருத்து.

கும்மியின் ஓரடியில் எட்டுத் தட்டுகள் உண்டு. யாப்பின்படி எழுதுவோர் ஏழு சீர் என்று எண்ணி நிறுத்திவிடுகின்றனர். ஏழாம் சீரின் கடைசி எழுத்து நீண்டு எட்டாவது தட்டை நிரப்புகிறது. அந்த இடத்தில்தான் வட்டத்தில் நிற்கும் பெண்கள் மூச்சு வாங்குகிறார்கள், உடம்பைத் திருப்புகிறார்கள். 'இன்னும் இடம் இருக்கிறதே' என்று அங்கே ஒரு சொல்லைத் திணித்தால் இரண்டாவது கண்ணியிலேயே குரல் அறுந்துபோகும்.

அடுத்தது, தட்டு எந்த எழுத்தில் விழுகிறது என்பது. நெடிலோ ஒற்றடுத்த எழுத்தோதான் கையின் அடியைத் தாங்கும். தனிக்குறில் தாங்காது. குறிலிணையாக, அதாவது நிரையசையில் தொடங்கும் சொல் கும்மியில் வரக்கூடாது என்பதல்ல. வந்தால் அதன் முதற்குறில் முந்திய தட்டின் வாலில் தொங்கிக்கொள்ளும், தட்டு இரண்டாம் எழுத்தில் விழும். அப்படித் தொங்க முந்திய சீரில் இடம் இருக்கவேண்டும். ஈரசைச் சீராகிய மாச்சீரில் அந்த இடம் இருக்கிறது. விளச்சீரும் காய்ச்சீரும் தட்டை முழுவதுமாக நிரப்பிவிடுகின்றன. 'மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர்' என்று நாம் ஆசிரியர் கலாசாலையில் மனனம் செய்த வெண்டளை விதி, கும்மியைப் பொறுத்தவரை கையின் விதியே.

சந்தப் பாட்டோடு ஒப்பிட்டால் இது விளங்கும். தெல்தெனியாவில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் 'சந்தத் திருப்புகழ்' பாடியவர். சந்தத்தில் குறிலும் நெடிலும் ஒற்றும் அளந்து வைக்கப்படுகின்றன. கும்மி அவ்வளவு கண்டிப்பானதன்று. குரல் நீட்டியும் சுருக்கியும் சரிசெய்துகொள்ளும். ஆனால் தட்டு விழும் எழுத்தில் மட்டும் அது விட்டுக்கொடுக்காது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பொங்கல் ஒன்றுகூடலுக்காக விழாக் குழுவினர் எழுதிக் கொண்டுவந்த முதற் கண்ணியின் அடி இது:

உழைப்பால் உயர்ந்த மலையகச் சமூகத்தின்
உரிமைக் குரலை ஒலித்திடுவோம்

ஏழு சீர் சரியாக இருக்கின்றன. முதற் சீருக்கும் ஐந்தாம் சீருக்கும் மோனையும் உண்டு. தாளிற் குற்றமில்லை. ஆனால் ஏழு சொல்லும் நிரையில் தொடங்குகின்றன. முதற் தட்டு விழும்போதே 'உ' என்ற குறில் தொங்க இடமில்லாமல் நிற்கிறது. 'மலையக' விளச்சீர். அதன்பின் 'சமூகத்தின்' வரும்போது 'ச' எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் கை காத்திருக்கிறது. 'சமூகத்தின்' காய்ச்சீர். அதன்பின் 'உரிமை' வர, அதே தடங்கல். மெட்டோடு பாடினால் குரல் இந்தக் குறைகளை மறைத்துவிடும். எனவே மெட்டில்லாமல், வெறும் பேச்சாகச் சொல்லிக்கொண்டு கையைத் தட்டிப் பார்க்கவேண்டும். கை வாய்க்காகக் காத்திருக்கும் இடமெல்லாம் பிழையான இடம்.

'மலையக மக்களின்' என்று மாற்றினால் ஒரு தடங்கல் தீரும். ஆயினும் பெண்கள் அதையும் திருப்பிப் பாடவில்லை. ஏனெனில் அது கூட்டத் தீர்மானத்தின் மொழி. பின்னர் அவர்களின் வேலையிலிருந்தே சொற்களை எடுத்து இவ்வாறு அமைக்கப்பட்டது:

கொட்டும் பனியிலே கூடை நிறைத்துநாம்
கொய்த கொழுந்தெல்லாம் போனதெங்கே
கட்டிச் சுமந்தது காலை முதற்கொண்டு
கையில் அரைப்பேரு ஆனதென்ன

தட்டு விழும் இடங்களைப் பாருங்கள். முதலடியில் கொட், னி, கூ, றைத், கொய், ழுந், போ, கே. இவற்றில் 'னி' ஒன்றே குறில். அங்கே குரல் சற்று நீள்கிறது. 'பனி'யின் 'ப'வும் 'நிறைத்து'வின் 'நி'யும் 'கொழுந்'தின் 'கொ'வும் முந்திய மாச்சீரில் தொங்குகின்றன. முடிவில் 'கே' நீண்டு எட்டாம் தட்டாகிறது. இரண்டாமடியும் அவ்வாறே.

ஒரு கண்ணிக்கு 16 தட்டு. முன்பாட்டுக்காரி ஒருமுறை, கூட்டம் ஒருமுறை என்றால் 32. பத்துக் கண்ணிக்கு 320. கும்மி மெல்லத் தொடங்கி வேகம் பிடிப்பது. வயதான பெண்களும் வட்டத்தில் நிற்கும்போது பத்துக் கண்ணிக்கு மேல் எழுதுவது கவிஞரின் ஆசைக்காகவே இருக்கும்.

'அரைப்பேர்' என்ற சொல்லுக்கு விழாக் குழுவில் எதிர்ப்பு வந்தது. குறித்த அளவு கொழுந்து எடுக்காதவளுக்கு அரைநாள் சம்பளமே பதியப்படுவதைத்தான் தோட்டத்தில் அப்படிச் சொல்கிறார்கள். பண்டிகை நாளில் முறைப்பாடு எதற்கு என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. எனினும் மலையகத்தில் பாட்டும் முறைப்பாடும் பிரிந்து நின்றதில்லை. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் 1930களில் மக்களுக்குப் பழகிய மெட்டுகளிலே தொழிலாளரின் துயரத்தைப் பாடிக் கூட்டங்களைச் சேர்த்தார். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியும் துரையும் கூடையும் வராமல் இல்லை. சொந்த வாழ்க்கையை விட்டுவிட்டு வாழ்த்து மட்டும் பாடு என்றால், அது அந்தச் சமூகத்தின் கவிதையாகாது. விருந்தாளிகளுக்கு வாசித்தளிக்கும் வரவேற்புரையாகவே இருக்கும். சொல் நீக்கப்படவில்லை.

பாடும்போது பெண்கள் ஒரு திருத்தம் செய்தார்கள். 'கையில் அரைப்பேரு' என்பதை 'செக்ரோல் அரைப்பேரு' என்று பாடினார்கள். அரைப்பேர் விழுவது கையிலல்ல, செக்ரோலில் என்பது அவர்களுக்குத் தெரியும். 'கட்டி - கையில்' என்ற மோனை போய்விட்டது. தட்டு போகவில்லை: 'செக்ரோல்' மாச்சீர், 'அ' அதில் தொங்குகிறது, 'ரை'யில் கை விழுகிறது. யாப்பிலக்கணம் படியாதவர்கள் மோனையைக் கைவிட்டுத் தளையைக் காப்பாற்றியது தற்செயலன்று. மோனை செவிக்கு அழகு. தளை இல்லாமல் வட்டம் நகராது. இரண்டில் ஒன்றை விடவேண்டி வந்தால் எதை விடுவது என்பதை அவர்கள் கைகள் அறிந்திருக்கின்றன.

கும்மியும் சிந்தும் தாலாட்டும் முஸ்லிம் புலவர்களுக்குப் புதியவையல்ல. இன்று விழா மலர்களுக்கு 'கும்மி மெட்டு' என்று குறித்து எழுதும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். அச்சுக்குக் கொடுக்குமுன் பாட இருப்பவர்களிடம் கொடுங்கள். அவர்கள் ஒரு சொல்லையும் மாற்றாமல் மரியாதையாகத் திருப்பித் தந்தால் சந்தேகப்படுங்கள். அவர்கள் அதைப் பாடப்போவதில்லை.