கூடுமா, கூடாதா? தர்கா ஜியாரத்தை முன்வைத்து

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் கற்கம்பம்தான் மூலவர். காடு விளைந்தால் தானியத்தில் ஒரு பங்கு, மாடு பிழைத்தால் ஒரு கன்று என்று வேண்டிக்கொண்டவர்கள் அங்கே கொண்டுவந்து செலுத்துகிறார்கள். இதே வட்டாரத்து மக்கள், இந்துக்களும் முஸ்லிம்களுமாக, நாகூருக்கும் போகிறார்கள். அங்கே கடைத்தெருவில் கண், கை, கால், தொட்டில், வீடு, படகு என்று அச்சடித்த மெல்லிய தகடுகள் விற்கும். கண்வலி தீர்ந்தவர் கண் தகட்டையும், வீடு கட்டி முடித்தவர் வீட்டுத் தகட்டையும் வாங்கிச் செலுத்துவார். பிள்ளைக்கு மொட்டை அடித்துத் தலையில் சந்தனம் பூசுவார்கள். பூவும் சர்க்கரையும் ஊதுபத்தியும் வைத்த தட்டைக் கொடுத்தால், தர்காவில் உள்ளவர் ஃபாத்திஹா ஓதி, மயிலிறகுக் கட்டால் தலையில் தடவி அனுப்புவார்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு முஸ்லிம் ‘இது பரக்கத்’ என்கிறார். அவருடைய சொந்தத் தம்பியே ‘இது இணைவைப்பு’ என்கிறார். தமிழ்நாட்டில் பல முஸ்லிம் குடும்பங்கள் ஒரு தலைமுறையாக இந்தச் சண்டையோடு வாழ்கின்றன. 2016 ஜனவரியில் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் திருச்சியில் ஷிர்க் ஒழிப்பு மாநாடு கூட்டியபோது அது தெருவுக்கும் வந்தது. இரு தரப்பும் ‘தர்காவுக்குப் போகலாமா, கூடாதா’ என்று ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் விவாதம் நகர மறுக்கிறது. தர்காவில் நடப்பது ஒரு செயலல்ல. குறைந்தது நான்கு செயல்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேறு, ஆட்சேபம் வேறு.

முதலாவது, கபருக்குப் போய் சலாம் சொல்லி, அடங்கியிருப்பவருக்காக துஆ கேட்பது. இதில் சண்டையே கிடையாது. கபர்களுக்குப் போகாதீர்கள் என்று முன்பு தடுத்த நபிகள் நாயகம், பிறகு போங்கள், அது மரணத்தை நினைவூட்டும் என்று அனுமதித்ததாக முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பு சொல்கிறது. தர்காவைக் கடுமையாக எதிர்ப்பவர்களும் பொது மையவாடிக்குப் போகிறார்கள்.

இரண்டாவது, அதற்கென்றே ஊர்விட்டு ஊர் பயணம் போவது. மஸ்ஜிதுல் ஹராம், மதீனாவின் நபி பள்ளி, அல் அக்ஸா ஆகிய மூன்று பள்ளிவாசல்களைத் தவிர வேறெங்கும் பயணம் கட்டாதீர்கள் என்ற கருத்தில் ஒரு நபிமொழி இருக்கிறது. டமாஸ்கஸைச் சேர்ந்த இப்னு தைமிய்யா இதைக் கபர்ப் பயணத்துக்கும் பொருத்தினார். நபியின் கபருக்குக்கூட, அதற்கென்றே பயணம் வைத்துப் போகக் கூடாது. பள்ளிக்குப் போனவர் கபருக்கும் சலாம் சொல்லலாம் என்பது அவர் நிலை. இந்தக் கருத்துக்காகவே 1326இல் சிறையிலடைக்கப்பட்டார். 1328இல் அங்கேயே இறந்தார். ஷாஃபிஈ மத்ஹபின் பெரிய அறிஞர் தகிய்யுத்தீன் சுப்கீ இதை மறுத்து ஒரு தனி நூலே எழுதினார். அந்த நபிமொழி பள்ளிவாசல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. மற்றப் பயணங்களை அது தடுக்கவில்லை என்ற வாதத்தை இவர்களுக்கெல்லாம் முன்பே இமாம் கஸ்ஸாலி வைத்திருக்கிறார். கல்விக்கும் வியாபாரத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் பயணம் போகலாம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை என்பதால், இந்த இடத்தில் ஆதரிப்பவர் பக்கமே வலுவாக இருக்கிறது என்பது என் கருத்து.

மூன்றாவது, வஸீலா. ‘யா அல்லாஹ், இந்த நல்லடியாரின் பொருட்டால் என் பிள்ளையைக் குணமாக்கு’ என்று கேட்பது. கேட்கப்படுபவன் இறைவன், பெரியாரின் பெயர் சிபாரிசாக வருகிறது. இதில் இரு தரப்பும் ஒரே நிகழ்ச்சியைத்தான் ஆதாரம் காட்டுகின்றன. மதீனாவில் பஞ்சம் வந்தபோது கலீஃபா உமர், நபியின் சிறிய தந்தை அப்பாஸை முன்னிறுத்தி மழை கேட்டார் என்கிறது புகாரி. பார்த்தீர்களா, வஸீலா கூடும் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். நபியின் கபர் பக்கத்திலேயே இருந்தும் அதை விட்டுவிட்டு, உயிரோடிருந்த அப்பாஸிடம் ஏன் போனார் என்று மடக்குகிறார்கள் மறுப்பவர்கள். இரண்டுமே நியாயமான வாசிப்புகள்தாம். ஒருவர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மற்றதைத் தேர்ந்தவரை மார்க்கத்தைவிட்டே வெளியேற்ற இந்த ஆதாரம் போதாது.

நான்காவது படியில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ‘நாகூர் எஜமானே, என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்’ என்று பெரியாரையே விளித்துக் கேட்பதும், அவருக்கென்று நேர்ச்சை வைப்பதும், கபர் வாசலில் நெற்றி பதிய விழுவதும் இந்தப் படியில் வருகின்றன. மறுப்பவர்களின் முதல் ஆயுதம் குர்ஆனின் 39ஆம் அத்தியாயத்து மூன்றாம் வசனம். மக்கத்து இணைவைப்பாளர்களும் தங்கள் தெய்வங்களே எல்லாம் செய்வதாகச் சொல்லவில்லை. அல்லாஹ்விடம் நெருக்கிவைக்கும் இடையாட்கள் என்றுதான் சொன்னார்கள் என்பது அதன் சாரம். ‘நாங்கள் அவ்லியாவை வணங்கவில்லை, சிபாரிசுதான் கேட்கிறோம்’ என்ற தர்காவாசிகளின் பதிலை இந்த வசனம் நேராகத் தொடுகிறது. வணக்கம் என்பது உள்ளத்து நம்பிக்கையைப் பொறுத்தது, இறைவன் கொடுத்த ஆற்றலால்தான் பெரியார் உதவுகிறார் என்று நம்புகிறவர் இணைவைக்கவில்லை என்று ஆலிம்கள் விளக்குகிறார்கள். ஏட்டில் இது செல்லும். ஆனால் தகடு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் தாயிடம் அந்தப் பிரிவினை எவ்வளவு தெளிவாக இருக்கிறது? அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க தர்காவில் எவர் இருக்கிறார்?

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தர்காவை ஆதரிக்கும் ஆலிம்களே இந்தப் படியில் எல்லை போட்டிருக்கிறார்கள். வட இந்தியாவில் ஜியாரத்தின் பெரும் வழக்கறிஞராகக் கருதப்படும் அஹ்மத் ரஸா கான், மரியாதைக்காகக்கூட இறைவனல்லாதவர்க்கு சஜ்தா செய்யக் கூடாது என்று தனி நூல் எழுதினார். மறுபக்கம், தேவ்பந்த் ஆலிம்கள் தர்காச் சடங்குகளைக் கண்டித்தவர்கள். ஆனாலும் அவர்களில் பலர் தாமே சூஃபி தரீக்காவில் பைஅத் வாங்கியவர்கள். ஆகவே ‘சூஃபிகள் ஒருபுறம், மறுப்பவர்கள் மறுபுறம்’ என்று கோடு கிழிப்பது தவறு. அந்தக் கோடு பல சமயம் ஒரே மனிதருக்குள்ளேயே ஓடுகிறது.

‘இதெல்லாம் இந்துக்களிடமிருந்து வந்தது’ என்று மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாதத்தையும் எடைபோட வேண்டும். நாகூரில் அதற்குத் தோதான காட்சிகள் நிறைய உண்டு. 14 நாள் கந்தூரியில் கொடியேறும். நாகப்பட்டினத்திலிருந்து இரவெல்லாம் ஊர்வலமாகச் சந்தனக்கூடு வரும். அந்தச் சந்தனம் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீதின் கபரில் பூசப்படும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த பெரிய மனாரா 131 அடி உயரம். மொட்டையும் சந்தனமும் தேர்போல வரும் கூடும் இந்த மண்ணின் வழக்கங்கள் என்பது உண்மைதான். ஆனால் பெரியாரின் கபரைத் தேடிப் போவதும் நேர்ந்துகொள்வதும் இங்கே முளைத்தவையல்ல. பக்தாதில் அப்துல் காதிர் ஜீலானியின் அடக்கத்தலத்திலும், எகிப்தின் தந்தாவில் அஹ்மத் அல் பதவியின் அடக்கத்தலத்திலும் இதுவே நடக்கிறது. அங்கெல்லாம் கம்பமும் இல்லை, தேரும் இல்லை. உருவம் உள்ளூருடையது, வேர் இஸ்லாமிய உலகத்துடையது. எனவே வேற்று மதச் சாயல் என்பது மட்டும் ஒரு செயலைத் தவறாக்கப் போதாது. அந்தச் செயலில் என்ன கேட்கப்படுகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

இறையியலுக்கு அப்பால் தர்காவுக்கு ஒரு சமூகக் கணக்கு உண்டு. வரவுப் பக்கத்தில் முதலில் வருவது பெண்கள். தமிழ்நாட்டின் பெரும்பாலான பழைய பள்ளிவாசல்களில் பெண்கள் தொழ இடமில்லை. தர்காவில் அவர்கள் உட்காரலாம், அழலாம், எவர் அனுமதியும் கேட்காமல் நேரம் கழிக்கலாம். பெண்ணுக்குப் பள்ளியில் இடம் கொடுத்தவர்களில் தவ்ஹீத் அமைப்பினர் முக்கியமானவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தர்காவின் ஒரு தேவையை அவர்கள் வேறு வழியில் நிறைவேற்றியிருக்கிறார்கள். அடுத்தது அயல் மதத்தவர். மற்ற மதத்தவர் கூச்சமின்றிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும் முஸ்லிம் இடம் தமிழ்நாட்டில் தர்கா ஒன்றுதான். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டில் அங்கேயும் நாகூர் பெரியாருக்கு நினைவிடம் கட்டினார்கள். அவற்றுள் கபரே கிடையாது. கடல் தாண்டியவனுக்கு ஊர் என்ற ஒன்று தேவைப்பட்டது என்பதுதான் அதன் பொருள்.

செலவுப் பக்கமும் கனமானதே. நோயைத் தர்காவுக்குக் கொண்டுபோகும் பழக்கம் எங்கே போய் முடியக்கூடும் என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி காட்டியது. மனநலம் குன்றியவர்களை அங்கே அழைத்துவந்து, போகலாம் என்று கனவில் உத்தரவு கிடைக்கும்வரை தங்கவைப்பது வழக்கமாக இருந்தது. உத்தரவு மாதங்கள், ஆண்டுகள்கூட வராமல் போகும். குடும்பம் ஊர் திரும்பிவிடும். நோயாளி தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கிடப்பார். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அப்படியொரு காப்பகத்தில் தீப்பிடித்தது. கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன.

அந்தக் காப்பகத்தைத் தர்கா நடத்தவில்லை என்பது உண்மை. ஆனாலும் கனவு உத்தரவுக்குக் காத்திருக்க வைத்த நம்பிக்கைதான் அதற்கு வாடிக்கையாளர்களைக் கொடுத்தது. இங்கே பழுது நான்காம் படியில் இருக்கிறது. மூன்றாம் படியில் நிற்பவர் துஆவும் கேட்பார், மருத்துவரிடமும் போவார். ஏனெனில் குணமளிப்பவன் இறைவன், மருந்தும் அவன் படைப்பு. பெரியாரே வைத்தியர், அவர் சொன்னால்தான் வெளியேறலாம் என்று நம்புகிறவருக்கு மாத்திரை துரோகமாகத் தெரியும். பின்னாளில் ஏர்வாடியிலேயே அரசு மருத்துவர்களை அமர்த்தி துஆவையும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் முயற்சி நடந்தது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் முன்பே செய்து பார்த்த வழி அது. நம்பிக்கையைக் கேலி செய்யாமல் அதன் அபாயத்தை மட்டும் வெட்டியெடுக்க முடியும் என்பதற்கு இது சான்று.

மறுப்பவர்களின் பக்கத்திலும் ஒரு பழுது உண்டு. நான்காம் படிக்கு எதிரான தங்கள் வலுவான வாதத்தை அவர்கள் முதல் மூன்றின்மீதும் பரப்புகிறார்கள். ஃபாத்திஹா ஓதிவிட்டு வருகிறவரும் கபரில் விழுகிறவரும் அவர்கள் கணக்கில் ஒன்றாகிவிடுகிறார்கள். இந்த மனநிலை முற்றும்போது கை மண்வெட்டியைத் தேடுகிறது. மதீனாவின் ஜன்னத்துல் பகீயில் நபியின் குடும்பத்தார், தோழர்கள் கபர்கள்மீதிருந்த கட்டடங்கள் 1806இலும், மறுபடி 1920களிலும் இடிக்கப்பட்டன. கபர்மேல் கட்டக் கூடாது என்று நபிமொழி இருப்பது உண்மை. ஆனால் ஒரு வழக்கத்தை விமர்சிக்க அதைப் பின்பற்றுகிறவரின் நினைவிடத்தை உடைக்க வேண்டியதில்லை.

ஆதரிப்பவர்கள் தங்கள் இமாம்கள் போட்ட எல்லையைத் தர்கா வாசலிலேயே எழுதி வைக்கட்டும்: கேட்பது இறைவனிடம், சஜ்தா இல்லை, நோய்க்கு மருத்துவர் உண்டு, தட்டில் விழும் காசுக்குக் கணக்கு உண்டு என்று. அந்த நான்கு வரிகளை எழுதத் தயங்கும் தர்காவைப் பற்றித் தவ்ஹீத்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. எழுதிவைத்து அதன்படி நடக்கும் தர்காவையும் ‘கபர் வணக்கம்’ என்றே ஒருவர் சொல்வாரானால், அவர் எதிர்ப்பது இணைவைப்பை அல்ல, தமக்குப் பிடிக்காத ஒரு பழக்கத்தை மட்டுமே.