பரதேசி என்று தேடினால் கிடைக்கும் வள்ளலார்

தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரை டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் வெளியிட்டார். வடலூரைப் பற்றி எழுதும்போது அங்கே சபை நிறுவிய ஒரு துறவியையும் அவர் குறிப்பிடுகிறார். 1874இல் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்றவரைப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்கிறார். நமக்கு அவர் வள்ளலார். கெசட்டியருக்கோ அவர் Ramalinga Paradesi. Ramalinga Swami என்று மேற்கோள்குறிக்குள் இட்டு அந்நூலின் மின்படியில் தேடுபவர், பக்கத்தில் இருக்கும் செய்தியை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்.

இந்தத் தொல்லைக்கு நூலகங்கள் கண்ட வழி, ஒருவருக்கு ஒரே தலைப்புப் பெயர் என்பது. எந்த அட்டையில் எந்த எழுத்தில் அச்சாகியிருந்தாலும், பட்டியலில் எல்லாம் ஒரு பெயரின் கீழ் வந்து சேரும். அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும், பல நாடுகளின் அலமாரிகள் ஒரே வீச்சில் திறக்கும். இதன் பயன் பெரிது. ஆனால் இது நூலின் ஆசிரியரையும் பொருளையும் மட்டுமே ஒன்றுசேர்க்கிறது. நூலுக்குள் 212ஆம் பக்கத்தில் ஒருவர் இன்னொருவரை என்ன பெயரிட்டு அழைத்தார் என்பது பட்டியலுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைப் பிடிக்க வேண்டுமென்றால், எழுதியவர் யார் என்று முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வள்ளலாருக்கு இருந்த பெயர்களை அப்படிப் பார்த்தால் ஒழுங்கு புலப்படும். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்தவர், கடிதங்களில் தம்மைச் சிதம்பரம் இராமலிங்கம் என்று குறித்தார். இராமலிங்கசாமி என்று பிறர் வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுவதாக எழுதி, அதை வேண்டாம் என்றார். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவை அச்சிட்டபோது ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்ற பெயர் முகப்பில் ஏறியது. எதிரணியில் நின்ற ஆறுமுக நாவலர் தரப்புக்கு அவர் இராமலிங்கபிள்ளை. அருட்பா என்ற பெயர் பற்றிய சண்டை 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போனது. அந்தக் காலத்துக் கண்டன நூல்களில் வள்ளலார் என்று தேடுவது, எதிரியின் வாயிலிருந்து பட்டத்தை எதிர்பார்ப்பது போலத்தான்.

அதே வேலாயுத முதலியார் 1882இல் பிரம்மஞான சபையினருக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். அதில் பெயர் Chidambaram Ramalinga Pillay Avergal என்று வருகிறது. Pillai என்று தேடும் கணினிக்கு Pillay வேறு சொல். Avergal என்பது ‘அவர்கள்’ என்று உறைக்கவே நமக்குச் சற்று நேரம் பிடிக்கும். ஒரே மனிதர், ஒரே சீடர், பதினைந்து ஆண்டு இடைவெளி. மொழி மாறியதும் எழுத்தும் மாறிவிட்டது.

நூலகப் பட்டியலில் எழுத்துப்பெயர்ப்பு இன்னொரு வாசலை மூடுகிறது. தமிழ் லெக்சிகன் முறைப்படி க எப்போதும் k, முதலில் வரும் இகரமும் விடப்படாது. ஆகவே இராமலிங்கர் Irāmaliṅkar ஆகிறார். மேற்குறிகளைக் கணினி பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஆனால் g, k வேறுபாட்டையும் முன்நிற்கும் i எழுத்தையும் அது மன்னிப்பதில்லை. Ramalinga என்று தட்டுபவர் தமிழ் நூல்களையெல்லாம் தவறவிட்டு, ஆங்கில நூல்களை மட்டும் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் போலும் என்று நினைத்துக்கொள்கிறார். முறை சீரானது என்பதில் ஐயமில்லை. Tiruvaruṭpā என்பதிலிருந்து தமிழ் எழுத்தை அப்படியே மீட்டுவிடலாம். Thiruvarutpa என்பதிலிருந்து முடியாது. ஆனால் காதால் கேட்டு எழுதுபவருக்கு அந்தச் சீர்மையே சுவராகிறது.

தமிழ் எழுத்திலேயே தேடினால் தொல்லை தீரும் என்று எண்ண வேண்டாம். ‘வள்ளலார்’ என்று தட்டித் தேடினால் ‘வள்ளலாரின்’, ‘வள்ளலாரை’ என்பவை பல மின்படிகளில் சிக்காது. கடைசி ‘ர்’ கணினிக்கு ரகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். வேற்றுமை உருபு சேர்ந்ததும் புள்ளி போய்விடுகிறது, பொருத்தமும் போய்விடுகிறது. ‘வள்ளலா’ என்று நிறுத்திக்கொண்டால் மூன்றும் வரும். ‘வள்ளற்பெருமான்’ மட்டும் அப்போதும் வராது. புணர்ச்சியில் ளகரத்தின் பக்கத்து லகரம் றகரமாகிவிட்டதே. அதைத் தனியாகத்தான் தேட வேண்டும். அதேபோல் ‘ராமலிங்க’ என்று நடுத்துண்டைக் கொடுத்தால் ராம, இராம இரண்டும் அகப்படும். ஆனால் முழுச்சொல் தேடலில் இந்தச் சலுகை கிடையாது.

பழைய அச்சில் ஒரு கூடுதல் கண்ணி உண்டு. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தோன்றுவதால், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள் ‘இராமலிங்க’ என்பதை ‘இரரமலிங்க’ என்று பதிந்துவிடும். ‘பிள்ளை’யில் உள்ள ளை, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வேறு வடிவில் அச்சானது. அதுவும் சிதையும். பக்கத்தில் பெயர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தும் தேடலில் வரவில்லையென்றால், அங்கிருந்து சில சொற்களைப் படியெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பார்த்தால் போதும். கணினி என்ன படித்திருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடும். அந்தத் தவறான வடிவத்தையே மீண்டும் தேடலில் இடுவதுதான் வழி.

வடிவங்களை விரித்துக்கொண்டே போவதற்கும் விலை உண்டு. Ramalingam Pillai என்றால் நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை வந்து குவிவார். Chidambaram, Pillai இரண்டையும் சேர்த்தால் வ.உ.சி. முன்னே நிற்பார். பெயரை விரிக்கும்போதே வேறொரு சொல்லால் வேலியும் போட வேண்டும். வடலூரோ அருட்பாவோ அந்த வேலி. அவற்றுக்கும் பல எழுத்துக்கள் உண்டு என்பதால், இரண்டு மூன்றை ஒன்றாகக் கொடுப்பது நல்லது. வெட்டுக்குறியை ஏற்கும் பட்டியல்களில் முதல் இரண்டு வரிகளும், மின்படிகளுக்குள் மூன்றாவதும்:

```
iramalinka*
ramalinga* AND (vadalur OR vadaloor OR arutpa)
"ramalinga paradesi"
```

முதல் வரி தமிழ் நூல்களுக்கு, இரண்டாவது ஆங்கில நூல்களுக்கு, மூன்றாவது அரசு ஆவணங்களின் மின்படிகளுக்கு. இணையத்தின் பொதுத் தேடுபொறிகள் இந்த நட்சத்திரக் குறியைச் சொல்லின் வால்பகுதிக்கு ஏற்பதில்லை. அங்கே ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே தட்டுவதைத் தவிர வழியில்லை.

ஒரே பெயர் என்ற முறை, நாம் தேடி எடுத்ததை அடுக்கி வைக்க நல்லது. தேடி எடுப்பதற்கு அது போதாது. போதாமையைவிடப் பெரிய குறை, ஒரே பெயராக்கி எழுதும்போது நேர்கிறது. கெசட்டியரின் வரியை எடுத்தாளும்போது ‘பரதேசி’யை நீக்கி ‘வள்ளலார்’ என்று திருத்திவிட்டால், அன்றைய அதிகாரிக்கு அவர் ஊரூராகத் திரியும் துறவிகளில் ஒருவர் என்ற செய்தி அழிந்துபோகும். இராமலிங்கபிள்ளை என்பதை மாற்றினால், பட்டத்தை ஒப்பாதவர்களின் குரல் அழியும். சாமி என்ற ஒட்டைக் கூசாமல் எல்லா இடத்திலும் சேர்த்தால், வேண்டாம் என்று அவரே எழுதிய கடிதத்துக்குப் பொருளில்லாமல் போகும்.

ஆகவே தேடும்போது நம் பெயரை மறந்து எழுதியவரின் பெயரைத் தட்ட வேண்டும். குறிப்பெடுக்கும்போது அவர் எழுதியபடியே எழுதி, பக்கத்தில் நம் பெயரைச் சேர்க்க வேண்டும். 1906இன் ஆங்கில அதிகாரியிடம் வள்ளலாரைக் கேட்டால் கைவிரிப்பார். பரதேசியைக் கேட்டால், பூட்டிய அந்த அறைவரை அழைத்துப் போவார்.